கஸ்டமர் போட்டோவை உங்க பேஜ்ல போடப் போறீங்களா? முதல்ல இதைக் கேளுங்க!

மதுரையில் வீட்டில் இருந்தபடியே இன்ஸ்டாகிராமில் சுங்குடிச் சேலை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. போன மாதம் உங்களிடம் அரக்கு நிறச் சேலை வாங்கிய பெண்ணுக்கு வளைகாப்பு. ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு. கீழே ஒரு மெசேஜ்:

"அக்கா, நீங்க அனுப்புன சேலைதான்! கொசுவம் நிக்கவே இல்ல, அம்மா நாலு பின்னு குத்திவிட்டாங்க. ஆனா இந்த வெயிலுக்கு வேற எதையும் கட்டியிருக்க முடியாதுக்கா. எங்க அத்தை அவங்களுக்கும் ஒண்ணு கேக்குறாங்க."

மாடலை வைத்து, லைட் போட்டு எடுத்தாலும் இப்படி ஒரு படம் கிடைக்காது. கை தானாகவே ஷேர் பட்டனுக்குப் போகும். மனசுக்குள்ளே கேப்ஷன்கூட ரெடியாகிவிடும். அவங்களே அனுப்பியிருக்காங்க, அப்புறம் என்ன?

இங்கேதான் கொஞ்சம் நிற்கணும். அவர் அந்தப் படத்தை அனுப்பியது உங்களுக்கு. உங்கள் பேஜைப் பின்தொடரும் ஐயாயிரம் பேருக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் தனியாக வந்த படம், அக்கம்பக்கத்து வீட்டில் ஆல்பத்தைப் பிரித்துக் காட்டுவது மாதிரி. காட்டினார்கள் என்பதற்காக ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து கடை வாசலில் ஒட்ட மாட்டோம் இல்லையா?

அதுவும் இது வளைகாப்புப் படம். ஆபீஸில் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். முன்பு ஒருமுறை ஏதோ நடந்து, இந்தத் தடவை குழந்தை பிறக்கும்வரை வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்திருக்கலாம். 'கண்ணு படும்' என்று மாமியார் சொல்லியிருக்கலாம். நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. உங்கள் ஒரே ஒரு போஸ்ட், அந்த வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேச்சாக ஓடும். அந்தப் பேச்சை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். அவர் உங்களிடம் சேலை வாங்குவதை மட்டும் நிறுத்திவிடுவார்.

எப்படிக் கேட்பது?

நிறையப் பேர் கேட்கத்தான் செய்கிறார்கள். "போட்டோ போட்டுக்கலாமாம்மா?" பதிலுக்கு ஒரு ஹார்ட் வரும். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஹார்ட் எதற்கு வந்தது? நீங்கள் அதற்கு முன்னால் 'சூப்பரா இருக்கீங்க' என்று அனுப்பினீர்களே, அதற்கா? ஸ்டேட்டஸில் போடத்தான் கேட்கிறீர்கள் என்று அவர் நினைத்திருந்தால்? ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நீங்கள் போடப்போவதோ, பேஜில் அப்படியே நிற்கப்போகும் போஸ்ட்.

அதனால் கேள்வியிலேயே நான்கு விஷயம் தெளிவாக இருக்கணும். எங்கே போடப்போகிறீர்கள், படத்தில் எது தெரியும், அவர் பெயரை எப்படிக் குறிப்பிடுவது, படம் எடுத்தது யார். சட்ட நோட்டீஸ் மாதிரி எழுத வேண்டியதில்லை. நீங்கள் பேசுகிற மாதிரியே கேட்கலாம்:

"ரொம்ப அழகா இருக்கும்மா, பார்த்ததும் சந்தோஷமாயிடுச்சு. பின்னு விஷயம் படிச்சு சிரிச்சுட்டேன். இந்தப் படத்தை எங்க இன்ஸ்டா பேஜ்ல போஸ்ட்டா போடலாமா? ஸ்டோரி இல்ல, பேஜ்லயே இருக்கும், யார் வேணும்னாலும் பார்க்கலாம். போட்டா உங்க முகம் தெரியும், அது ஓகேவா? உங்க பேரு போடவா, ஐடி டேக் பண்ணவா, இல்ல ரெண்டும் வேணாமா? போட்டோ யாரு எடுத்தாங்க? அவங்ககிட்டயும் கேட்டுக்கணும். போடுறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்பிக் காட்டுறேன். வேணாம்னு தோணுச்சுன்னா ஒண்ணுமே இல்லம்மா, எனக்கு அனுப்பினதே சந்தோஷம்."

கடைசி வரியை மரியாதைக்காக எழுதியதாக நினைக்காதீர்கள். நம்ம ஊரில் 'அக்கா' என்று கூப்பிட்ட ஒருத்தரிடம் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்வது கஷ்டம். சங்கடப்பட்டுக்கொண்டே 'சரிக்கா' என்று சொல்லிவிடுவார்கள். வெளியே போக ஒரு கதவை நீங்களே திறந்து வைத்தால்தான், உள்ளே வந்து சொல்கிற 'சரி' நிஜமான 'சரி'.

இந்த மெசேஜுக்குப் பதிலே வராமலும் போகலாம். ரெண்டு ப்ளூ டிக் விழுந்து, மூன்று நாளாகச் சத்தமில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். வேண்டுமானால் ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்தலாம். அதற்குமேல் கேட்டால் அது அனுமதி வாங்குவது இல்லை, வசூல் பண்ணுவது.

"போட்டோ போட ஒத்துக்கிட்டா அடுத்த சேலைக்கு 10 சதவிகிதம் தள்ளுபடி" என்று சேர்த்துக் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் விஷயம் மாறிவிடுகிறது. அது நன்றி போஸ்ட் இல்லை, விளம்பரம். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ, 2021-ல் இன்ஃப்ளூயன்ஸர்களுக்காகக் கொண்டுவந்த விதிமுறைகளின் அடிப்படையே இதுதான்: பணமோ, இலவசப் பொருளோ, சலுகையோ கை மாறியிருந்தால் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லிவிடணும். உங்கள் கஸ்டமர் இன்ஃப்ளூயன்ஸர் இல்லைதான். ஆனால் அந்த போஸ்ட்டைப் பார்த்துச் சேலை வாங்கப்போகிறவருக்கு, பாராட்டு தானாக வந்ததா, தள்ளுபடிக்காக வந்ததா என்று தெரிய உரிமை உண்டு. தள்ளுபடி கொடுத்திருந்தால் கேப்ஷனிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால், கொடுக்காதீர்கள்.

"போடுங்கக்கா, ஆனா முகம் வேணாம்"

நம்ம உதாரணத்துக்கு வருவோம். சாயங்காலம் பதில் வருகிறது: "போடுங்கக்கா, ஆனா முகம் தெரிய வேணாமே. ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட இன்னும் லீவு பத்திப் பேசல. பேரும் வேணாம். எடுத்தது என் சித்தி பையன், அவன் இன்ஸ்டாலதான் குடியிருக்கான், அவனை டேக் பண்ணுங்க, குதிப்பான்."

பார்த்தீர்களா? 'போட்டுக்கலாமா' என்று மட்டும் கேட்டிருந்தால் 'ம்' என்று வந்திருக்கும். மேனேஜர் விஷயம் வந்தே இருக்காது.

இப்போது படத்தை ஒருமுறை பெரிதாக்கி, மூலை மூலையாகப் பாருங்கள். இதை போனில் விரலால் ஜூம் பண்ணித்தான் செய்யணும், சும்மா பார்த்தால் கண்ணில் படாது. அவருக்குப் பின்னால் பூ அலங்காரத்தில் தம்பதியின் பெயரும் தேதியும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். முகத்தை மறைத்து, பின்னால் பெயரை விட்டுவைத்தால் எதற்கு மறைத்தோம்? வலது ஓரத்தில் சந்தனம் பூச வந்த பெரியம்மாவின் பாதி முகம். கீழே, மடியில் சாய்ந்தபடி ஒரு குட்டிப் பாப்பா. இவர்கள் யாரிடமும் நீங்கள் கேட்கவில்லை. குழந்தை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசு ஆகாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் விஷயத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் அம்மா அப்பா. அக்காவோ சித்தியோ சொன்னால் போதாது.

முகத்தின் மேல் ஒரு சூரியகாந்தி ஸ்டிக்கரை ஒட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஏதோ வழக்குச் செய்தியில் வரும் படம் மாதிரி ஆகிவிடும். கழுத்துக்குக் கீழே வெட்டினால் இன்னும் மோசம். முகமில்லாமல், வயிறு மட்டும் நடுவில் நிற்கும் ஒரு படத்தை யார் விரும்புவார்கள்? இந்தப் படத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. முழங்கை வரை வளையல் போட்ட ரெண்டு கைகளும் முந்தானை மேல் இருக்கின்றன. அந்தச் சதுரத்தை மட்டும் எடுத்தால் வளையல், சந்தனம் காய்ந்த விரல்கள், சுங்குடிப் புள்ளிகள், கொஞ்சம் ஜரிகை, அவ்வளவுதான். பெயர்ப்பலகை இல்லை, பெரியம்மா இல்லை, பாப்பா இல்லை. வளைகாப்பு என்பது வளையலிலேயே தெரிந்துவிடுகிறது. சேலையும் நன்றாகத் தெரிகிறது.

இப்படிச் சின்னதாக வெட்டும்போது படம் மங்கலாகும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். அதனால் அதே படத்தை HD-யாகவோ டாக்குமென்டாகவோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். டாக்குமென்டாக வரும் படத்தில், எடுத்த இடத்தின் விவரம் உள்ளே ஒட்டிக்கொண்டு வரலாம். எனவே அந்த ஃபைலை அப்படியே வேறு யாருக்கும் தட்டிவிடாதீர்கள். வெட்டிய படத்தை முதலில் அவருக்கு அனுப்புங்கள். ஃபில்டர் போடுவதாக இருந்தால் அதையும் போட்டே அனுப்புங்கள். தோல் நிறத்தை வெளுக்க வைக்கும் ஃபில்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். சேலை நிறத்தை மாற்றுவதும் தப்புதான். அரக்கை ரத்தச் சிவப்பாகக் காட்டினால், அடுத்த வாரம் பார்சல் பிரிப்பவர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

கிரெடிட் யாருக்கு?

படத்தில் இருப்பவர் வேறு, படத்தை எடுத்தவர் வேறு. ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமான உரிமை. இதைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறோம். கஸ்டமரை டேக் பண்ணிவிட்டால் கிரெடிட் கொடுத்தாயிற்று என்று நினைக்கிறோம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஒரு புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். சித்தி பையன் தன் போனில், ஆசைக்கு எடுத்த படம் என்றால் உரிமையும் அவருடையது. அதனால் அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கணும். "அக்கா சரின்னுட்டாங்க, நீங்க எடுத்த படம் எங்க பேஜ்ல வரலாமா? கை மட்டும் தெரியுற மாதிரி வெட்டியிருக்கேன், பாருங்க" என்று வெட்டிய படத்தோடு அனுப்பினால் போதும்.

ஸ்டுடியோக்காரர் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுத்த படம் என்றால் கணக்கு மாறும். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17-வது பிரிவு. ஆனால் பல ஸ்டுடியோக்கள் புக்கிங் தாளிலேயே வேறு மாதிரி எழுதி வாங்கியிருக்கும். உரிமை யாரிடம் இருந்தாலும், 'இது நான் எடுத்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரிடமே தங்கிவிடும். அது 57-வது பிரிவு. ஆகவே மூலையில் ஸ்டுடியோ பெயர் போட்ட வாட்டர்மார்க் இருந்து, அது உங்கள் சதுரத்துக்கு வெளியே போகிறது என்றால், கேப்ஷனில் அந்தப் பெயர் வந்தே ஆகணும். வாட்டர்மார்க்கை ஆப் வைத்து அழிப்பது கிட்டத்தட்ட கையெழுத்தை அழிப்பது மாதிரி.

'படம்: இணையம்', 'கிரெடிட் உரியவருக்கு', 'உங்க படமா இருந்தா மெசேஜ் பண்ணுங்க' இதெல்லாம் கிரெடிட்டே இல்லை. யாரென்று கண்டுபிடிக்க மெனக்கெடவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். இன்னொன்று, கிரெடிட் கொடுத்தால் அனுமதி வேண்டாம் என்றும் ஆகாது. சொல்லாமல் எடுத்துப்போன சைக்கிளில் ஓனர் பெயரை எழுதி வைத்தால் சரியாகிவிடுமா?

'அவர்தான் பப்ளிக்கா போட்டிருந்தாரே' என்ற வாதமும் நிற்காது. 2010-ல் ஹைட்டி நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, டேனியல் மொரேல் என்ற புகைப்படக்காரர் தான் எடுத்த படங்களை ட்விட்டரில் பகிர்ந்தார். இன்னொருவர் அவற்றைத் தன் படங்கள் போலப் போட, ஏ.எஃப்.பி செய்தி நிறுவனம் அந்த இன்னொருவர் பெயரிலேயே படங்களை வெளியிட்டது. கெட்டி இமேஜஸ் மூலமாகவும் அவை உலகம் முழுக்கப் போயின. ட்விட்டரில் போட்டாலே மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று ஏ.எஃப்.பி வாதிட்டதை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013-ல் அந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து மொரேலுக்கு 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. உங்கள் சேலை பேஜுக்கு யாரும் அவ்வளவு பெரிய வழக்கு போடப்போவதில்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான். ஒருவர் இன்ஸ்டாகிராமில் படம் போடும்போது இன்ஸ்டாகிராமுக்கு அனுமதி தருகிறார். உங்களுக்கு இல்லை.

ஒரு விதிவிலக்கு மாதிரி இருப்பது, கஸ்டமரே தன் ஸ்டோரியில் உங்கள் பேஜை மென்ஷன் பண்ணுவது. அப்போது உங்கள் இன்பாக்ஸில் அந்த ஸ்டோரி வந்து, உங்கள் ஸ்டோரியில் சேர்த்துக்கொள்ள வழியும் இருக்கும். அப்படிச் சேர்த்தால் அவர் ஐடி தானாகவே கூட வரும். மென்ஷன் பண்ணியதே பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது அந்த 24 மணி நேரத்துக்கு மட்டும். ஹைலைட்டில் சேர்த்து வைப்பதற்கும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போஸ்ட்டாகப் போடுவதற்கும் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். 24 மணி நேரத்தில் போய்விடும் என்று நம்பித்தானே ஸ்டோரியில் போட்டார்?

கிரெடிட்டை எழுதும் இடமும் முக்கியம். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மிச்சமெல்லாம் more என்பதைத் தட்டினால்தான் விரியும். ஹேஷ்டேகுகளுக்குக் கீழே கிரெடிட்டைப் புதைத்தால், கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. மேலே எழுதுங்கள், கூடவே படத்திலும் டேக் பண்ணுங்கள். ஆனால் நம்ம உதாரணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்தி பையனின் ஐடியைத் தட்டிப் பார்த்தால், அவர் பேஜிலேயே வளைகாப்பு முழு ஆல்பமும், அக்கா முகமும் இருந்தால்? முகம் வேண்டாம் என்று சொன்னதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். போடுவதற்கு முன் அந்த ஐடியை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் அக்காவிடம் சொல்லி, பெயரை மட்டும் எழுதலாமா, கொஞ்ச நாள் கழித்து டேக் பண்ணலாமா என்று அவர்களையே முடிவெடுக்க விடுங்கள். இங்கே அவருடைய பேஜ் பிரைவேட் என்று வைத்துக்கொள்வோம். பிரச்னை இல்லை, டேக் பண்ணலாம்.

கேப்ஷன்ல நடிக்காதீங்க!

வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள்:

"எங்கள் அழகு தேவதை, எங்கள் பிரத்யேக சுங்குடியில் ஜொலிக்கிறார்! உங்கள் பொன்னான நேரத்தில் எங்களையும் ஒரு பகுதியாக்கியதற்கு மனமார்ந்த நன்றிகள்! நீங்களும் ஜொலிக்க இன்றே ஆர்டர் செய்யுங்கள்!"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஏன் நாடகம் மாதிரி இருக்கிறது? இதை அப்படியே எடுத்து வேறு எந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். சுங்குடியை எடுத்துவிட்டு நெயில் பாலிஷ் என்று போட்டாலும் பொருந்தும். 'எங்கள்' என்று ரெண்டு தடவை, 'எங்களையும்' என்று ஒரு தடவை வருகிறது. வளைகாப்பு யாருக்கு என்றே சந்தேகம் வருகிறது. நன்றி சொன்ன கையோடு ஆர்டர் கேட்பது, மொய் எழுதிவிட்டு பந்தியில் கடை விசிட்டிங் கார்டு நீட்டுகிற மாதிரி.

உங்களிடம் இதைவிட நல்ல கேப்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. அவர் அனுப்பினாரே ஒரு மெசேஜ், அதுதான். பின்னு குத்திய கதையை நீங்கள் கற்பனையில் எழுதியிருக்க முடியாது. அந்த ஒரு வரியால்தான் மற்றதும் நம்பும்படி இருக்கிறது. 'கொசுவம் நிக்கல' என்பது குறைதான், அதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். புதுக் காட்டன் சேலை கட்டிய எல்லோருக்கும் அது தெரியும். அதை மறைக்காத கடையைத்தான் 'வெயிலுக்கு இதம்' என்று சொல்லும்போதும் நம்புவார்கள். அவருடைய பேச்சுத் தமிழைத் திருத்தி எழுதவும் வேண்டாம். 'அத்தை அவங்களுக்கும் ஒண்ணு கேக்குறாங்க' என்பது 'எங்கள் உறவினர்களும் பெரிதும் விரும்பினர்' என்று மாறிய நிமிஷமே செத்துப்போகும். நீளமாக இருந்தால் ஒரு பகுதியை விடலாம். ஆனால் விட்டதால் அர்த்தம் மாறக் கூடாது. 'கொசுவம் நிக்கல' என்பதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் போட்டால், அது அவர் சொன்னது இல்லை, நீங்கள் சொல்ல வைத்தது.

ஆனால் அவர் வார்த்தைகளும் அவருடையவைதானே? படத்துக்கு அனுமதி கேட்டீர்கள், மெசேஜுக்குக் கேட்டீர்களா? அதனால்தான் கேப்ஷனையும் சேர்த்து அனுப்பிக் காட்டச் சொல்கிறேன். வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டை அப்படியே போடுவதை நான் விரும்புவதில்லை. மேலே நம்பரோ பெயரோ டி.பி.யோ தெரிந்துவிடும். மறைத்தாலும், பழைய அரட்டை பாதி எட்டிப் பார்க்கும்.

நம்ம கேப்ஷன் இப்படி வரலாம்:

"படம் எடுத்தது: (தம்பியின் ஐடி)
'கொசுவம் நிக்கவே இல்ல, அம்மா நாலு பின்னு குத்திவிட்டாங்க. ஆனா இந்த வெயிலுக்கு வேற எதையும் கட்டியிருக்க முடியாதுக்கா.' வளைகாப்பு முடிஞ்ச கையோட வந்த மெசேஜ் இது.
அந்த நாள்லயும் ஞாபகம் வச்சு எனக்குப் படம் அனுப்பினதுக்கு நன்றிம்மா. அம்மாவுக்கும் அந்த நாலு பின்னுக்கும் சேர்த்து.
ரெண்டு தடவை அலசிட்டா கொசுவம் சொன்ன பேச்சு கேட்கும்!"

நன்றி எதற்கு என்று பாருங்கள். சேலை வாங்கியதற்கு இல்லை. அவ்வளவு வேலைக்கு நடுவே ஞாபகம் வைத்து அனுப்பியதற்கு. அது உண்மையிலேயே நடந்த விஷயம், அதனால் நடிக்க வேண்டியதில்லை. அத்தை சேலை கேட்ட வரி போஸ்ட்டில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதை விட்டதால் எந்த அர்த்தமும் மாறவில்லை, போட்டிருந்தால் விளம்பர வாசம் வந்திருக்கும். அத்தைக்குத் தனியாக கலர் படங்கள் அனுப்புங்கள், வியாபாரம் அங்கே நடக்கட்டும். விலை கேட்டு கமென்ட் வந்தால் கமென்ட்டிலேயே சொல்லுங்கள். கேப்ஷனில் வேண்டாம்.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவரை நேரில் பார்த்தால் 'தேவதை மாதிரி ஜொலிக்கிறீங்க' என்று சொல்வீர்களா? 'நல்லா இருக்கும்மா' என்றுதானே சொல்வோம்? எழுதிய கேப்ஷனை சத்தமாகப் படித்துப் பாருங்கள். போனில் அவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

சேலையைப் பற்றி ஏதாவது சேர்ப்பதென்றால் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சேருங்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதுதான் அதன் பாரம்பரிய முறை. ஆனால் இன்று சுங்குடி என்று விற்பதில் அச்சு போட்டதும் நிறைய. நீங்கள் விற்றது அச்சு என்றால், கஸ்டமர் படத்துக்குக் கீழே 'கைமுடிச்சு' என்று எழுதினால், உங்கள் பொய்க்கு அவரைச் சாட்சியாக நிறுத்திய மாதிரி ஆகும்.

போட்ட பிறகு...

போஸ்ட் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள். முதல் சில மணி நேரம் கமென்ட்டைப் பாருங்கள். 'எத்தனையாவது மாசம்?', 'பையனா பொண்ணா?' என்று நல்ல மனசோடு கேட்பவர்கள்கூட அவருக்குத் தொல்லைதான். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், மோசமானதை அழித்துவிடுங்கள். தெரிந்தவர் யாராவது 'ஏய், இது நம்ம ஆபீஸ்…' என்று பெயரோடு எழுதினால் உடனே மறைத்துவிட்டு, அவருக்கும் தகவல் சொல்லுங்கள்.

கொடுத்த அனுமதி இந்த ஒரு போஸ்ட்டுக்கு. அதே படத்தைக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவது, வாட்ஸ்அப் கேட்டலாக்கில் வைப்பது, தீபாவளி ஆஃபர் ரீல்ஸில் ஒரு நொடி நுழைப்பது எல்லாமே புதுசு, புதுசாகத்தான் கேட்கணும். விளம்பரமாக ஓட்டினால் உங்களைப் பின்தொடராத, முன்பின் தெரியாத ஆட்களுக்கும் போகும். அவர் சம்மதித்தது அதற்கு இல்லை.

கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அதில் அடங்கும். நான் மேலே சொன்ன 2023 சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கணும் என்கிறது. ஒரு ராத்திரி 'அக்கா, எடுத்துடுறீங்களா?' என்று மெசேஜ் வந்தால், ஏன் என்று கேட்காதீர்கள். 'நல்லா ரீச் போயிட்டிருக்கே' என்றும் சொல்லாதீர்கள். எடுத்துவிட்டு 'எடுத்துட்டேம்மா' என்று சொல்லுங்கள். போஸ்ட்டோடு நிறுத்தாமல் ஹைலைட், ஸ்டேட்டஸ், உங்கள் கேலரி என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். அதற்குள் வேறு யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தால் அதை உங்களால் திரும்ப வாங்க முடியாது. அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுவதே நல்லது. சிலர் வாய்விட்டுக் கேட்காமல், படத்தில் இருந்த டேகை மட்டும் தாங்களாகவே நீக்கிவிடுவார்கள். அப்படி நடந்தால் நீங்களே ஒரு மெசேஜ் தட்டி, எடுத்துவிடவா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள பெரிய சிஸ்டம் எதுவும் தேவையில்லை. ஆர்டர் எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கம் போதும்: 'அரக்கு சுங்குடி, வளைகாப்பு, கை மட்டும், பேர் வேணாம், தம்பி டேக், இன்ஸ்டா போஸ்ட் மட்டும்.' தேதி போட்டு, அந்த வாட்ஸ்அப் பதிலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து, குழந்தையோடு இன்னொரு படம் அவரிடமிருந்து வரும்போது, 'போன தடவை முகம் வேணாம்னு சொன்னாங்க' என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவை படத்தில் குழந்தையும் இருக்கிறதே, அதனால் கேள்வியை முதலிலிருந்து கேளுங்கள்.